அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுவது ஏன்?

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்குப் பெரும்பாலும் பயிரைப் பற்றித்தான் கடிதங்கள் வரும். சென்ற மாதம் வந்தவற்றில் ஒன்று மட்டும் காலைப் பற்றியது. எழுதியவர் மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஒரு சகோதரி. வயது 41. 'ஐப்பசியில் நாற்றுக்கட்டு தூக்கிப் போகும்போது வரப்பில் வலது கால் பிசகியது. பத்து நாளில் வலி போய்விட்டது. கார்த்திகையில் அதே கால் மறுபடி பிசகியது. தையில் வாசற்படி இறங்கும்போது மூன்றாவது முறை. எலும்பு தேய்ந்துவிட்டதா? இனி வயலில் இறங்கக் கூடாதா?' என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் குழு இதை மருத்துவருக்கு அனுப்பாமல் எனக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு மாசி மாதம், தாளடி அறுவடைப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு நண்டு வளையில் என் இடது கால் இறங்கி உள்பக்கமாக மடங்கியது. அதிலிருந்து முழுதாக மீள எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. அதில் வலி இருந்தது வெறும் மூன்று வாரம்தான். மீதி நாட்களில் என்ன நடந்தது என்பதில்தான் இந்தச் சகோதரியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

முதலில், எலும்பு தேய்வதால் கால் இப்படி மடங்குவதில்லை. கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பை விரலால் தொட்டுப் பாருங்கள். அதன் முன்ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே விரலை நகர்த்தினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அந்த இடத்தில் எலும்பையும் எலும்பையும் பிடித்துக் கட்டும் ஒரு நார் இருக்கிறது. நம் ஊரில் ஜவ்வு என்பார்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் இழுபடுவதும் முதலில் கிழிவதும் இதுதான். லேசாக இழுபட்டிருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் நடை திரும்பும். பாதி கிழிந்திருந்தால் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். முழுக்க அறுந்துவிட்டால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். இவை நடமாட்டம் திரும்பும் கணக்கு. ஜவ்வு உள்ளுக்குள் பழைய பலம் பெறுவது தனிக் கணக்கு. உடைப்பெடுத்த வாய்க்கால் கரையில் மண் போட்டு மூடிய அன்றே கரை முழுதாகத் தெரியும். ஆனால் அந்த மண் இறுகும்வரை நாம் மடையை முழுதாகத் திறப்பதில்லை. ஜவ்விலும் புது நார் உண்டாக ஆறு வாரம் போல ஆகும். அது இறுகிப் பலப்படுவது பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நடக்கும்.

எனக்கு மடங்கிய அன்று அரை மணி நேரத்தில் கணுக்காலின் வெளிப்பக்கம் ஒரு கோழி முட்டை அளவு வீங்கியது. எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயம் இருந்தது. இதைச் சோதிக்க ஒரு எளிய விதி இருக்கிறது. 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வெளியிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். அடிபட்டவுடனும், பிறகு மருத்துவரைப் பார்க்கும்போதும், நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரண்டு பக்க எலும்புகளின் பின்ஓரத்திலும் நுனியிலும் அழுத்தினால் உயிர் போகும் வலி இருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் வெளிஓரத்தில் நடுவில் துருத்தும் எலும்பை, அல்லது உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பை அழுத்தி வலித்தாலும் அப்படித்தான். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு எலும்பில் வலி இல்லை, எலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில்தான் வலி. நான்கு எட்டும் வைக்க முடிந்தது. அரசு மருத்துவமனை மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஜவ்வு பாதி கிழிந்திருக்கும் என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. முறிந்திருந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். அவர்கள் நேராக எக்ஸ்ரேவுக்குப் போய்விடுவது நல்லது.

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெரியம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "காலைக் குடு கண்ணு, ஒரே நீவுல எடுத்துடறேன்" என்றார். அவர் கைராசி ஊருக்கே தெரியும். கழுத்துச் சுளுக்குக்கும் முதுகுப் பிடிப்புக்கும் நானே அவரிடம் போயிருக்கிறேன். "பெரியம்மா, இது நரம்புப் பிடிப்பு இல்ல. உள்ள ஜவ்வு கிழிஞ்சு ரத்தம் கசியுது. இப்ப நீவினா இன்னும் கசியும்" என்றேன். "அப்ப உப்பும் புளியும் கொதிக்கவெச்சுப் பத்துப் போடட்டுமா?" என்றார். சூடும் அதே வேலையைத்தான் செய்யும். முதல் மூன்று நாள் நீவுவதும், சூடான பற்றும், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். வீக்கம் முழுக்க வடிந்த பிறகு கெண்டைக்காலை இதமாக நீவிவிட்டால் தவறில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன். பெரியம்மா கோபித்துக்கொண்டுதான் போனார்.

அந்த மூன்று நாளும் நான் செய்தது இதுதான். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடம், பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வைத்தேன். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோல ஆகிவிடும். பாதம் மரத்துப் போயிருக்கும் சர்க்கரை நோயாளிகள் ஐஸைத் தவிர்த்துவிடலாம். பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் நீலம் பாரித்தாலோ மதமதத்தாலோ அவிழ்த்து, தளர்த்திச் சுற்ற வேண்டும். இரவு அவிழ்த்துவிடலாம். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நடப்பதை முழுக்க நிறுத்தவில்லை. கம்பு ஊன்றி, வலி பொறுக்கும் அளவுக்குப் பாதத்தைத் தரையில் பதித்து வீட்டுக்குள் நடந்தேன். பாதிக் கிழிசலுக்கெல்லாம் மாவுக்கட்டு போட்டு மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்தால், ஜவ்வு ஆறும்போது மூட்டு இறுகிவிடும்.

நான்காம் நாளிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து, கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ, ஆ, இ, ஈ என்று எழுதினேன். காலை, மாலை ஒரு முறை. ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி நம் பக்கம் இழுப்பது இன்னொன்று. ஒவ்வொரு இழுப்பும் அரை நிமிடம், மூன்று தடவை. இதைச் செய்யாமல் விட்டால் பிறகு குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் படியாது. வயல் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். பத்தாம் நாள் கம்பை வைத்துவிட்டேன். பதினெட்டாம் நாள் வலி ஏறக்குறைய இல்லை.

நம் சகோதரி பத்தாம் நாளே வயலுக்குத் திரும்பியிருக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவரிடம் இன்னும் பத்து நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், அவருக்குச் சுலபமில்லை. ஆனால் அவருக்கு நேர்ந்ததற்கு முக்கியக் காரணம் சீக்கிரம் திரும்பியது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். வலி போனதும் கால் சரியாகிவிட்டது என்று எல்லோரையும் போல எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் முடிந்து, மருத்துவர் சொன்னபடி இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர் இருந்தார்.

"வலி எப்படி இருக்கு மேடம்?"

"வலியே இல்லப்பா. நாளைக்கே ஃபீல்டுக்குப் போகலாம்."

"சரி. வலது கால்ல மட்டும் நில்லுங்க, செருப்பு இல்லாம. கை இடுப்புல இருக்கட்டும்."

நின்றேன். முப்பது வினாடி எண்ணி நிறுத்தச் சொன்னார். பிறகு இடது கால். கணுக்கால் இப்படியும் அப்படியும் வெடவெடவென்று ஆடியது. ஆறாவது வினாடியில் வலது காலை ஊன்றிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னபோது இரண்டு வினாடிகூடத் தாங்கவில்லை. வலி துளிகூட இல்லை, ஆனால் நிற்க முடியவில்லை.

"வலி போயிடுச்சு மேடம். கால் இன்னும் வரல" என்றார்.

அந்தத் தம்பி சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். ஜவ்வு வெறும் கயிறு இல்லை. அதற்குள்ளும் மூட்டைச் சுற்றியும், பாதம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இருட்டில் வரப்பில் நடக்கும்போது, கண்ணால் பார்க்காமலேயே பாதம் தடத்துக்கு ஏற்ப வளைந்து கொடுப்பது இதனால்தான். ஜவ்வு கிழியும்போது இந்த முனைகளும் கெட்டுப் போகின்றன. 1965-ல் லண்டனைச் சேர்ந்த ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவர்தான் திரும்பத் திரும்பக் கால் மடங்குவதற்கு இதைக் காரணமாகச் சொன்னவர். ஆடும் பலகை மேல் நிற்கப் பழக்கினால் இது குறைகிறது என்றும் காட்டினார்.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஓடி, கணுக்காலுக்குப் பின்னால் இறங்கிப் பாதத்தைப் பிடிக்கும் தசைகள் இருக்கின்றன. பாதம் உள்பக்கம் மடங்க ஆரம்பிக்கும்போது வெளிப்பக்கம் இழுத்து நிறுத்துவது இவைதான். செய்தி தாமதமாக வந்தால் இவை இழுப்பதும் தாமதமாகும். அதற்குள் கால் மடங்கி முடிந்திருக்கும். வாசற்படியில் மூன்றாம் முறை மடங்கியது இப்படித்தான். அங்கே வளையும் இல்லை, சேறும் இல்லை. கால் தாமதமாக விழித்தது, அவ்வளவுதான்.

இந்தத் தாமதம் ஓய்வெடுத்தால் போகாது. வேலை செய்தாலும் தானாகப் போய்விடும் என்று நம்ப முடியாது. தனியாகப் பழக்க வேண்டும். நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள். 2009-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவு அதோடு எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தது. ஒரு வருடத்துக்குள் முதல் பிரிவில் நூற்றுக்கு 33 பேருக்கு மறுபடியும் பிசகியது. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேர். முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது. ஆனால் செலவே இல்லாத ஒன்றுக்கு இது நல்ல பலன்.

எனக்குக் கொடுத்ததும் எட்டு வாரம்தான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள். முதல் இரண்டு வாரம் திண்ணைத் தூண் பக்கத்தில் வெறுங்காலில் இடது காலால் நின்றேன். தூணை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். முழங்கால் விறைப்பாக இருக்கக் கூடாது, கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அரை நிமிடம் வீதம் ஐந்து தடவை. கணுக்கால் ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆடி ஆடித் திருத்திக்கொள்வதுதான் பயிற்சி. ஆடாமல் நிற்க முடிகிறதென்றால் அது உங்களுக்குச் சுலபமாகிவிட்டது, அடுத்த படிக்குப் போகலாம். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் வேலை கைக்குத்தான் போகிறது, காலுக்குப் பலன் இல்லை.

இதோடு சைக்கிள் டியூப். பழைய டியூபை வெட்டி ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை வளையமாக்கிப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டில் கால் இடது பாதத்துக்கு வலப்பக்கம் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை அசைக்காமல், பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளி மெதுவாகத் திரும்பவிட வேண்டும். பதினைந்து தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று சுற்று. வெளிப்பக்கக் கெண்டைக்கால் தசை களைப்பதை உணரலாம். முழங்கால் சேர்ந்து ஆடினால் தொடைதான் வேலை செய்கிறது.

மூன்றாம் வாரம் தூணை விட்டேன். முதல் நாள் பத்து வினாடி, வாரக் கடைசியில் முப்பது. பிறகு ஒற்றைக் காலில் நின்றபடியே பல் துலக்கினேன். கை வேறு வேலை செய்யும்போது கால் தன் வேலையைத் தானே பார்க்க வேண்டும், வயலில் நடப்பது அதுதானே. நான்காம் வாரம் ஒரு சாக்கை நான்காக மடித்து அதன்மேல் நின்றேன். அது வரப்பு மண் மாதிரி அமுங்கும். முதல் நாள் எட்டு வினாடிக்குத் திரும்பிவிட்டது என் கணக்கு. மனம் விட்டுப்போகிற இடம் இதுதான், பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள் என்று அந்தத் தம்பி முன்பே சொல்லியிருந்தார். தரை கடினமாவதால் எண் குறைகிறது, கால் பின்னடைந்ததால் அல்ல.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் தரையில் கோலமாவால் ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடு இழுத்தேன். ஒன்று முன்னால், மற்ற இரண்டும் பின்பக்கம் வலது, இடதாகச் சாய்வாக. இடது காலைப் புள்ளியில் ஊன்றி, வலது கால் விரலை ஒவ்வொரு கோட்டின் மேலும் எட்டும் மட்டும் நீட்டி, தரையை லேசாகத் தொட்டுத் திரும்ப வேண்டும். எட்டின இடத்தில் ஒரு புளியங்கொட்டை வைப்பேன். பிறகு காலை மாற்றிச் செய்வேன். முதலில் இரண்டு காலுக்கும் நடுவே நான்கு விரற்கடை வித்தியாசம் இருந்தது. ஆறாம் வாரக் கடைசியில் ஒரு விரற்கடை. இந்தப் பயிற்சியை எல்லாவற்றையும்விட உயர்வாக நினைக்கிறேன். ஏனென்றால் குனிந்து நாற்று நடும்போதும், வாய்க்காலைத் தாண்டும்போதும் உடம்பு இதே மாதிரிதான் ஒற்றைக் காலில் சாய்கிறது.

கடைசி இரண்டு வாரம் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, பிறகு சின்னதாகக் குதிப்பது, அதன்பிறகு வரப்பில் நடப்பது. முதலில் பகலில், காய்ந்த வரப்பில், வெறுங்கையோடு. கண்ணை மூடி நிற்கும் பயிற்சியை வீட்டுக்குள், சுவர் ஓரம் மட்டும் செய்யலாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் அதைச் செய்ய வேண்டாம்.

எப்போது தலைச்சுமையோடும் ஸ்பிரேயர் டேங்கோடும் வரப்பில் ஏறலாம்? நாள் கணக்கு பார்க்காதீர்கள். காலைக் கேளுங்கள். இரண்டு குதிகாலும் தரையில் பதிய, அடிபடுவதற்கு முன்பு போலவே குந்தி உட்கார முடிகிறதா? ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்க முடிகிறதா? நல்ல கால் எத்தனை முறை குதிகாலைத் தூக்குமோ, ஏறக்குறைய அத்தனை முறை இந்தக் காலும் தூக்குகிறதா? ஒற்றைக் காலில் ஐந்து முறை குதித்தால் தடுமாறாமல் இறங்குகிறதா? நான்குக்கும் ஆமாம் என்றால் போகலாம். எனக்கு நான்கும் சரியானது பதினோராவது வாரம்.

இனி சகோதரியின் கேள்விக்கு. மூன்று முறை மடங்கிய காலுக்கும் இதே எட்டு வாரப் பயிற்சிதான் முதல் வழி. அவசரமில்லாமல் மூன்று மாதம் எடுத்துக்கொண்டாலும் சரி. நடவு இல்லாத பங்குனி, சித்திரை இதற்கு ஏற்ற காலம். வயலில் இறங்கவே கூடாது என்பதில்லை. அதற்கு முன் ஒரு முறை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இத்தனை முறை மடங்கிய மூட்டில் எலும்பின் முனை சிதைந்திருந்தாலும், ஜவ்வு முழுக்க அறுந்திருந்தாலும் பயிற்சி மட்டும் போதாது. கால் மடங்காத நாட்களிலும் மூட்டுக்குள் ஆழத்தில் வலிப்பது, அசைக்கும்போது மூட்டு சிக்கிக்கொள்வது, மூன்று மாதம் ஒழுங்காகப் பழகிய பிறகும் சமதரையில் நழுவுவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். கெண்டைக்கால் முழுக்க வீங்கிச் சூடாக, கல்போல இறுகி வலித்தால் அது சுளுக்கு விஷயமே இல்லை. ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணுக்கால் பட்டை போட்டுக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ஷூவைப் போல லேஸ் கட்டும் பட்டை நன்றாகவே பலன் தரும். வெறும் எலாஸ்டிக் உறைக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. களத்து மேட்டில், காய்ந்த வரப்பில், நடைபாதையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பிசகலிலிருந்து ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம். சேற்றில் இறங்கும்போது கழற்றிவிட வேண்டும். ஈரப் பட்டை தோலை அரித்துப் புண்ணாக்கும். பட்டை போட்டால் கால் பலம் குறைந்துவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம், பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வயலில் கால் மடங்கும் தருணங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சுமையோடு இருக்கும்போதுதான். 16 லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அது முதுகில் குலுங்கிக் குலுங்கி நம்மை ஒரு பக்கம் தள்ளும். அடிபட்ட காலோடு முதல் ஒரு மாதம் அரை டேங்க் மட்டும் நிரப்புங்கள், நடை இரண்டானாலும் பரவாயில்லை. தலையில் புல்லுக்கட்டோ நாற்றுக்கட்டோ இருந்தால் பாதம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஒரு நடை வெறுங்கையாக வரப்பில் போய் வளைகளைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் மேல். வெறுங்கால் தடத்தை உணரும். அந்தி சாய்ந்த பிறகு டார்ச்சும் கம்பும் பாம்புக்காக எடுத்துப் போகிறோம், கணுக்காலுக்கும் அவை உதவும்.

வரப்பைப் பற்றி ஒரு விஷயம். எலி வளை தோண்டாமல் இருக்க வரப்பைக் குறுக்கி வையுங்கள் என்று கூட்டங்களில் நாங்கள்தான் சொல்கிறோம். அது சரியான யோசனை, இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் குறுகிய வரப்பின் மேல்பக்கம் ஆமை முதுகு மாதிரி உருண்டிருந்தால் பாதம் பாதிதான் பதியும், மீதி வெளியே தொங்கும். கால் மடங்க அது போதும். வயல் நடுவே ஓடும் வரப்புகள் எல்லாம் குறுகலாகவே இருக்கட்டும். ஆட்கள் சுமையோடு நடக்கும் ஒரே ஒரு வரப்பை மட்டும் இரண்டு பாதம் அருகருகே பதியும் அகலத்துக்கு வைத்து, மேல்பக்கத்தை மட்டமாகச் செதுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரப்பில் மட்டும் வாரம் ஒரு முறை மண்வெட்டியோடு நடந்து, நண்டு வளையும் எலி வளையும் கண்ட இடத்தில் ஈர மண் போட்டு மிதித்து அடைத்துவிட்டால் நடவு ஆட்களும் அறுவடை ஆட்களும் அதிலேயே போய் வருவார்கள்.